ஏர்கான் படத்துக்குக் கீழே 'பிராடு' என்று ஒரு கமெண்ட். என்ன பதில் போடுவது?

குளிர்காத்து (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, காலை 9.12

சுங்கை சிப்புட் பக்கம் ஏர்கான் சர்வீஸ் செய்கிறேன். நான் ஒருத்தன், கூட ஒரு பையன், அவ்வளவுதான் கடை. நேற்று ஒரு வீட்டு ஏர்கானைக் கழற்றிக் கழுவிய படத்தைக் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டேன். அரை மணி நேரத்தில் கீழே இது வந்தது:

"இவன்கிட்ட மட்டும் யாரும் குடுத்துடாதீங்க. கேஸ் அடிக்கிறேன்னு 150 வெள்ளி வாங்கிட்டுப் போனான். மூணு வாரம்கூட ஆகல, தண்ணி கொட்டுது, மெத்தையெல்லாம் நாசம். போன் பண்ணா எடுக்கமாட்டான். சுத்த பிராடு."

நடந்தது இதுதான். அது வேறு வீடு. கேஸ் குறைந்திருந்தது. எங்கேயோ கசிகிறது, அதைப் பார்க்காமல் அடித்தால் நிற்காது என்று அன்றைக்கே சொன்னேன். கசிவைத் தேடிச் சரிசெய்ய இன்னும் 120 ஆகும் என்றேன். "இப்ப கேஸ் மட்டும் அடிங்க, மத்தது சம்பளம் வந்ததும் பார்ப்போம்" என்று வாட்ஸ்அப்பில் வோய்ஸ் வந்தது, இன்னும் வைத்திருக்கிறேன். போன் இரண்டு தடவை வந்தது உண்மை. கூரைமேல் இருந்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

எழுதி வைத்திருக்கும் பதில்:

"வணக்கம். உண்மை தெரியாமல் பேச வேண்டாம். லீக் இருக்கு என்று நான் அன்றைக்கே சொன்னேன். காசை மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். வோய்ஸ் ஆதாரம் இருக்கு, தேவைப்பட்டால் இங்கேயே போடுவேன். 11 வருசமா தொழில் செய்றேன், யாரையும் ஏமாற்றியது கிடையாது."

போடலாமா?

மூணாம் லயம் · 9.20

எதுக்கு இவ்வளவு யோசனை? கமெண்டை அழி, ஆளை பிளாக் பண்ணு, வேலையைப் பாரு. நம்ம கடை, நம்ம சுவர். யார் வேணும்னாலும் வந்து எச்சி துப்பிட்டுப் போக இது பஸ் ஸ்டாண்டா?

கிராணி வீட்டுப் பேத்தி · 9.48

அண்ணே, அந்தப் பதிலைப் போடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். ஏழெட்டுக் கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அழிப்பது. கெட்ட வார்த்தை, சாதி, குடும்பத்துப் பெண்களை இழுப்பது, மிரட்டல், யாருடைய போன் நம்பராவது இருந்தால் யோசிக்காமல் அழிக்கலாம். இந்தக் கமெண்டில் 'பிராடு' ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் புகார். காசு வாங்கினார், தண்ணீர் சொட்டுகிறது, போன் எடுக்கவில்லை. புகாரை அழித்தால் அடுத்தது நம் சுவரில் வராது. ஊர்க் குழுவில் வரும், 'கமெண்டை அழிச்சிட்டான் பாருங்க' என்ற தலைப்போடு. அங்கே பதில் சொல்ல உங்களுக்கு இடமே இருக்காது.

சிலர் அழிக்காமல் மறைத்துவைப்பார்கள். முகநூலில் ஒரு கமெண்டை மறைத்தால் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும், மற்றவர்களுக்குத்தான் தெரியாது. பெரிய ஊரில் அது ஓரளவு உதவும். நம் ஊரில் அவருடைய நண்பர்கள் பாதிப் பேர் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்கள் கமெண்டைப் பார்ப்பார்கள், உங்கள் பதில் அதன் கீழே இல்லாததையும் பார்ப்பார்கள்.

உங்கள் பதிலுக்கு வருமுன் ஒரு கேள்வி. வோய்ஸ் அனுப்பியவரும் கமெண்ட் போட்டவரும் ஒரே ஆளா?

பாலத்தடி · 10.05

எங்க வீட்லயும் இதே பிரச்சினைதான். ஒரு எச்பி ஏர்கான், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல சொட்டுசொட்டா தண்ணி. கீழ வாளி வச்சிருக்கோம். கேஸ் அடிச்சா நிக்குமா? 150 நியாயமான விலையா?

குளிர்காத்து · 10.17

இல்லை. வேலைக்குக் கூப்பிட்டதும் வோய்ஸ் அனுப்பியதும் வீட்டுக்காரர். கமெண்ட் போட்டது அவர் மனைவி என்று நினைக்கிறேன். கணக்கில் பூப்படமும் ஏதோ ஒரு பட்டப்பெயரும்தான் இருக்கிறது. மெத்தை, மூணு வாரம் இரண்டையும் வைத்துத்தான் எந்த வீடு என்று பிடித்தேன்.

கிராணி வீட்டுப் பேத்தி · 10.40

அப்படியானால் உங்கள் பதில் கோபத்தில் எழுதியது என்பதோடு போகவில்லை. அது தப்பான ஆளுக்கு எழுதியது.

"நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்" என்கிறீர்கள். அந்த அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. கசிவு பற்றிய பேச்சு அவர் காதுக்கே போகாமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரிந்தது 150 வெள்ளி போனதும் மெத்தை நனைந்ததும்தான். அவர் நிலையில் இருந்து பார்த்தால் அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வோய்ஸைப் போட்டால் என்ன ஆகும்? 'சம்பளம் வந்ததும்' என்ற வார்த்தையை ஊரே கேட்கும். ஒரு குடும்பத்தின் கைச்செலவுக் கஷ்டத்தைச் சந்தியில் வைத்ததாகிவிடும். அதற்குப் பிறகு உண்மை உங்கள் பக்கம் இருந்தாலும் வாசிப்பவர் மனம் அந்தப் பக்கம்தான் போகும்.

மற்ற வரிகளையும் பாருங்கள். "உண்மை தெரியாமல் பேச வேண்டாம்" என்பதற்கு நம் காதில் விழும் அர்த்தம் 'வாயை மூடு'. "தேவைப்பட்டால் போடுவேன்" என்பது மிரட்டல். "11 வருசம்" அவருடைய மெத்தையைக் காயவைக்காது. 'வணக்கம்' ஒன்றுதான் மிஞ்சுகிறது.

இன்னொன்று, முகநூல் பெட்டியிலேயே தட்டித் திருத்தாதீர்கள். போட்ட பிறகு மாற்றினால் 'திருத்தப்பட்டது' என்று காட்டும். அதைத் தொட்டால் பழைய வரிகளும் வரும். வேறு இடத்தில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்று மாலைக்குள் போட்டால் போதும். இரவு 11 மணிக்குப் போடாதீர்கள், அந்த நேரத்தில் பதில்மேல் பதில் வந்தால் யாருக்கும் கை நிற்காது.

கம்ப்ரசர் மணியம் · 11.02

தம்பி, நான் 1989இல் இருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். முகநூல் எனக்குத் தெரியாது, ஏர்கான் தெரியும்.

அந்த வீட்டில் தண்ணீர் சொட்டுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று நீ அடித்த கேஸ் திரும்பக் கசிந்து குறைந்திருக்கும். கேஸ் குறைந்தால் உள்ளே இருக்கும் காயில் என்கிற குழாய்ச்சுருள் வழக்கத்தைவிடக் குளிர்ந்து, பட்ட ஈரமெல்லாம் பனிக்கட்டியாக ஒட்டும். ஏர்கானை நிறுத்தினதும் அது உருகித் தட்டில் கொள்ளாமல் வழியும். அப்படியென்றால் அந்த அம்மா சொல்வது பாதி சரி, உன் வேலை நிலைக்கவில்லை. இரண்டாவது, தண்ணீர் போகும் குழாயில் பாசி அடைத்திருக்கும். அதற்கும் நீ அடித்த கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. குளிர் நன்றாக இருந்து தண்ணீர் மட்டும் சொட்டினால் பெரும்பாலும் குழாய். குளிரும் குறைந்து, முகப்பைத் திறந்து டார்ச் அடித்தால் வெள்ளையாகப் பனி தெரிந்தால் கேஸ்.

இது தெரியாமல் நீ என்ன பதில் எழுதினாலும் அது ஊகம்தான். "என் வேலையில் தவறில்லை" என்று எழுதிவிட்டு நாளை போய்ப் பார்த்தால் காயில் பனி மூடியிருக்கும். அப்போது எழுதினதை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. ரசீதில் 'கசிவு உள்ளது, சரிசெய்யவில்லை, கேஸ் மீண்டும் குறையலாம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாயா?

குளிர்காத்து · 11.10

இல்லண்ணே. 'கேஸ் டாப்-அப் 150' என்று மட்டும் எழுதினேன்.

கம்ப்ரசர் மணியம் · 11.13

அப்போது அந்த வீட்டு மேசையில் கிடக்கிற காகிதம் அந்த அம்மாவுக்குத்தான் சாட்சி, உனக்கு இல்லை.

தங்கராசு 31 · 11.30

நேரடியா சொல்றேன். 150 வெள்ளியைத் திருப்பித் தர்றேன்னு எல்லார் முன்னாடியும் எழுது. காசு போனாலும் பேர் நிக்கும். வாடிக்கையாளர் சொன்னா சொன்னதுதான்.

கிராணி வீட்டுப் பேத்தி · 11.52

தங்கராசு அண்ணன் சொல்வதில் பேர் பற்றியது சரி. தொகையை வெளியே எழுதுவதுதான் சரியில்லை. என்ன கோளாறு என்று பார்க்கும் முன்பே 'திருப்பித் தருகிறேன்' என்றால் தவறு என்மேல்தான் என்று எழுதிக்கொடுத்த மாதிரி. அடுத்த மாதம் கேஸ் அடித்த இன்னொருவர் அதே வரியைக் காட்டுவார். திருப்பித் தருவதானால் வீட்டில் வைத்துக் கொடுங்கள், ரசீது எழுதுங்கள். வெளியே 'பேசி முடித்துக்கொண்டோம்' என்ற அளவு போதும்.

பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். மெத்தை வரை தண்ணீர் விழுந்தது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் அழைத்தபோது நான் திரும்பக் கூப்பிடாதது என் தவறு, மன்னிக்கவும். இன்று மாலை 5 மணிக்குள் உங்கள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடுகிறேன். நேரில் வந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன், அப்படிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கேஸ் அடித்த அன்று பேசியதையும் நேரில் பேசிக்கொள்வோம்."

கீழே உங்கள் பெயர். கடைப் பெயர் மட்டும் இருந்தால் யாரோ கூலிக்கு எழுதினது மாதிரி இருக்கும்.

மன்னிப்பு எதற்கு என்று கவனியுங்கள், போனுக்கு மட்டும். அது நடந்தது, உங்களுக்கும் தெரியும். கேஸ் வேலைக்கு மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. மணியம் அண்ணன் சொன்ன மாதிரி அது இன்னும் தெரியாத விஷயம். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது கரண்டு வெட்டும்போது ஒட்டுகிற நோட்டீஸ், அதைப் படித்து இதுவரை யாருக்கும் கோபம் தணிந்ததில்லை.

'பிராடு' என்ற வார்த்தைக்குப் பதிலே சொல்லவில்லை. 'நான் பிராடு இல்லை' என்று எழுதினால் உங்கள் வாயாலேயே அந்த வார்த்தை இரண்டாம் முறை வருகிறது.

எட்டாவது மைல் · 12.10

நல்ல பதில். ஒன்று மட்டும் இடிக்கிறது. 'அக்கா' என்று ஒரு வார்த்தை போடக்கூடாதா? நம்ம ஊரில் அப்படிக் கூப்பிட்டால்தான் மனசு இளகும். 'நீங்கள்', 'அழைத்தபோது' எல்லாம் பேங்க் கடிதம் மாதிரி.

கிராணி வீட்டுப் பேத்தி · 12.31

இதில் எனக்கே இரண்டு மனசு. வீட்டுக்குப் போனபோது அக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பார், போனில் அப்படியே கூப்பிடட்டும். பொதுவில் 'அக்கா' என்றால் சிலருக்குக் குழைவதாகப் படும், சிலருக்கு நக்கலாக. திட்டு வாங்கின கையோடு 'அக்கா, வணக்கம்கா' என்றால் நக்கல் என்றுதான் நான் படிப்பேன். தவிர, பூப்படக் கணக்கின் பின்னால் இருப்பது கணவரா, மனைவியா, மகளா என்று அண்ணனுக்கு உறுதியாகத் தெரியாது. பதினெட்டு வயதுப் பிள்ளையை அக்கா என்று அழைத்தால் வேறு கதை.

அவர் 'இவன்', 'போனான்' என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் 'நீங்கள்' நிற்பதே போதும், படிப்பவருக்குத் தானாகத் தெரியும். பேச்சு நடை வேண்டுமானால் 'நீங்க கூப்பிட்டப்ப' என்று எழுதலாம், தப்பில்லை. ஒரே பதிலில் மேல்வரி மேடைத்தமிழும் கீழ்வரி பேச்சுமாகக் கலக்காமல் இருந்தால் சரி.

பாலத்தடி · 12.40

மணியம் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி டார்ச் அடிச்சுப் பாத்தேன். பனி இல்ல. ஆனா உள்ள ஒரு பல்லி இருக்கு.

வக்கீல் ஆபீஸ் பென்சில் · மதியம் 1.05

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. யாராவது 'வழக்குப் போடு' என்று சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன். 1957 அவதூறுச் சட்டம் இருக்கிறது. ஒருவரைப் பிராடு என்று எழுதுவது அதில் வரக்கூடும். ஆனால் காசு கொடுத்த வாடிக்கையாளர் தனக்கு நடந்ததைச் சொல்லித் திட்டியிருக்கும்போது, உண்மை, நியாயமான கருத்து என்று எதிர்வாதம் அவருக்கும் உண்டு. 150 வெள்ளி வேலைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நோட்டீஸ் செலவே அதைத் தாண்டும். பதிலில் 'சட்ட நடவடிக்கை எடுப்பேன்' என்ற வரியே வேண்டாம்.

அவர் பக்கமும் வழி இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி அவரே வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்பார்கள். உங்கள் கமெண்ட் பதிலை அச்செடுத்து அங்கே மேசையில் வைக்க முடியும். அதனால் 'அழைப்பைத் தவறவிட்டேன்' என்று எழுதுவது ஒன்று, 'என் வேலை சரியில்லை' என்று எழுதுவது வேறொன்று. பேத்தி எழுதிய பதில் இந்த விஷயத்தில் சரியாக இருக்கிறது.

வோய்ஸ், முகவரி, போன் நம்பர், வீட்டுக்குள் எடுத்த படம் எதையும் வெளியே போடாதீர்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்கிய விவரங்களைப் பற்றியது. வேலைக்காகக் கொடுத்த நம்பரைச் சண்டைக்கு எடுக்கக்கூடாது. வோய்ஸை அழித்துவிடாமல் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

குளிர்காத்து · மாலை 3.20

புதுத் தலைவலி. என் கூட்டாளிகள் விஷயம் தெரிந்து கமெண்டில் இறங்கிவிட்டார்கள். 14 பதில் ஆகிவிட்டது. "ஓசியில வேலை கேக்குற கூட்டம்", "வீட்ல புருசன்கிட்ட கேளு முதல்ல" என்றெல்லாம். எனக்காகத்தான் பேசுகிறார்கள், எப்படி அழிப்பது?

மூணாம் லயம் · 3.26

ரெண்டாவது நான் போட்டதுதான். அண்ணனுக்காக ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

வக்கீல் ஆபீஸ் பென்சில் · 3.41

கேட்கலாம். ஆனால் அது அவர் பக்கத்தில் நிற்கிறது. 1950 சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, ஒரு பக்கத்தின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யார் பெயர் தெரிகிறதோ அவரே அதில் வந்ததை வெளியிட்டவர் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது அவர் பாடு. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினிக்கு 500,000 வெள்ளி அபராதம் போட்டது வாசகர்கள் எழுதிய கமெண்டுகளுக்காகத்தான். அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, நம் விஷயம் அந்த அளவுக்கு இல்லை. 'நான் எழுதவில்லை, அவன் எழுதினான்' என்பது எப்போதும் எடுபடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிராணி வீட்டுப் பேத்தி · 3.58

சட்டத்தை விடுங்கள், கண்ணால் பாருங்கள். ஒரு பெண், எதிரே 14 ஆண்கள். இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிற அம்மாக்கள் உங்களை வீட்டுக்குள் விடுவார்களா? ஏர்கான்காரர் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பதே பெரும்பாலும் பெண்கள்தான்.

சும்மா அழித்தால் கூட்டாளிகள் மனம் நோகும். ஒவ்வொருவருக்கும் தனியாக, "என் மேல உள்ள பிரியத்துல எழுதினீங்க, தெரியும். அந்தம்மா என் வாடிக்கையாளர். நீங்களே எடுத்துடுங்க" என்று அனுப்புங்கள். 5 மணி வரை பாருங்கள். எடுக்காததை நீங்கள் எடுங்கள். புருசன் பற்றிய வரியை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். அந்த அம்மாவின் கமெண்ட் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பதிலில் ஒரு திருத்தம். "அன்று பேசியதையும் நேரில் பேசிக்கொள்வோம்" என்ற கடைசி வரியை எடுத்துவிடுங்கள். காலையில் அது எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிந்தது. இந்த 14 பேருக்குப் பிறகு 'எல்லாம் தெரியும், வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன்' என்பது மாதிரி இருக்கிறது.

மூணாம் லயம் · 4.10

எடுத்தாச்சு லா. சந்தோசமா?

குளிர்காத்து · 5.35

4.15க்குப் பதிலைப் போட்டேன், கடைசி வரி இல்லாமல். 4.40க்குக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. இப்போது கீழே: "இப்ப நல்லவன் வேசம். ஊர் பாக்குதுல்ல, அதான்."

கை துடிக்கிறது.

கிராணி வீட்டுப் பேத்தி · 5.50

எதிர்பார்த்ததுதான். வேசம் என்பதற்குப் பதில் கிடையாது. இன்னும் ஒரே ஒரு பதில், அதோடு பொதுவில் பேச்சு முடிந்தது. "கூப்பிட்டேன், நீங்கள்தான் எடுக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அவர் உங்களைச் சொன்ன அதே குற்றத்தை அவர்மேல் திருப்புவது மாதிரி ஆகும், அது உண்மையாகவே இருந்தாலும். இப்படிப் போடுங்கள்:

"4.40க்கு ஒருமுறை கூப்பிட்டேன். இரவு 8 மணிக்கு மறுபடி கூப்பிடுகிறேன். வேறு நேரம் வசதி என்றால் பக்கத்தின் தனிச்செய்தியில் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்."

நேரத்தைச் சொல்லிவிட்டால் 8 மணிக்குக் கூப்பிட்டே ஆகவேண்டும். அதுவும் தவறினால் முதல் பதிலும் பொய்யாகிவிடும். அதன் பிறகு அவர் பத்து கமெண்ட் போட்டாலும் விடுங்கள்.

தங்கராசு 31 · 6.15

பேசாம இருந்தா பயந்துட்டான்னு சொல்வாங்க.

கிராணி வீட்டுப் பேத்தி · 6.22

சொல்வார்கள்.

குளிர்காத்து · செவ்வாய், இரவு 9.05

8 மணிக்குக் கூப்பிட்டேன், வீட்டுக்காரர் எடுத்தார். நேற்று போனேன். மணியம் அண்ணன் சொன்ன முதல் காரணம்தான். காயில் முழுக்கப் பனி. கசிவு வெளியே இருக்கும் பெட்டியில், குழாயை முடுக்கும் நட்டுக்குள்ளே. சோப்புத் தண்ணீர் வைத்ததும் முட்டை விட்டது. குழாயின் வாயை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கினேன். கேஸைத் தராசில் நிறுத்து அடித்தேன். கசிவு பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, பேத்தி சொன்னதுதான் சரி. நான் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்காரரே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். 120இல் 60 வாங்கினேன். ரசீதில் இந்தத் தடவை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

கமெண்ட் இன்னும் இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கம்ப்ரசர் மணியம் · 9.20

60 வாங்கினது சரிதான். முழுதாக விட்டிருந்தால் உன் தப்பு என்று ஆகியிருக்கும்.

தங்கராசு 31 · 9.26

நான் இருந்தா ஒரு காசு வாங்கியிருக்க மாட்டேன். மெத்தை யார் கணக்கு?

கிராணி வீட்டுப் பேத்தி · 9.44

அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வேலையைச் செய்துகொடுத்துவிட்டு விலை கேட்ட மாதிரி ஆகும். அவரிடம் "உங்க கமெண்டுக்குக் கீழே வேலை முடிஞ்சதுன்னு ஒரு வரி போடட்டுமா" என்று மட்டும் கேளுங்கள். சரி என்றால், "திங்கள் வந்து பார்த்தேன், கசிவைச் சரிசெய்தாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்கிறேன்." வேண்டாம் என்றால் எதுவும் போடாதீர்கள்.

கேஸ் தானாகத் தீராது, குறைந்தால் கசிவுதான் என்று ஒரு தனிப் பதிவு போட உங்களுக்கு ஆசையாக இருக்கும். நல்ல பதிவுதான். இந்த வாரம் மட்டும் வேண்டாம், அவரைக் குத்துவதாகத்தான் படிப்பார்கள். மூன்று நான்கு வாரம் போகட்டும். அதில் மெத்தை, 150, சம்பளம் எதுவும் வரக்கூடாது.

மெத்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

குளிர்காத்து · புதன், காலை 7.50

கேட்டேன். "போட்டுக்குங்க" என்றார். போட்டுவிட்டேன். அதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கிறது, அவருடையதா வீட்டுக்காரருடையதா தெரியவில்லை.

பாலத்தடி · 8.02

எல்லாம் சரி. என் ஏர்கான் பல்லியை யார் எடுக்கிறது?

கம்ப்ரசர் மணியம் · 8.15

முதலில் சுவிட்சை அடை. பிறகு தண்ணீர் போகிற குழாயின் வெளிமுனையைப் பார், அதன் வாலும் அங்கேதான் மாட்டியிருக்கும்.